பத்து நிமிடத்தில் ஒரு கடையின் வாரம்

தென் மாவட்டச் சிறுநகர் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில் வீட்டுக்கு வந்தார். கையில் தடித்த கோப்பு. கடையில் ரசீது போடும் கணினி ஒவ்வொரு வாரமும் அச்சிட்டுத் தரும் பதினொரு அறிக்கைகள் அதில் இருந்தன. "சார், சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தின பிறகு பத்து நிமிஷம்தான் எனக்குக் கிடைக்கும். அதுக்குள்ள இந்த வாரம் கடை எப்படிப் போச்சு, அடுத்த வாரம் நான் என்ன செய்யணும்னு தெரியணும். இதுல எதைப் பார்க்கிறது?" என்று கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவனுக்கு அது எளிய வேலை என்று தோன்றியது. தகவல் பெருகப் பெருக, அதைப் படிக்கும் மனிதனின் கவனமே அரிய வளமாகிவிடுகிறது என்று ஹெர்பர்ட் சைமன் 1971-இல் எழுதியதை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆகவே, பதினொரு அறிக்கைகளையும் சுருக்கி ஒரே தாளில் தருவதே தீர்வு என்று எண்ணினேன். நிறுவனங்களில் 'டாஷ்போர்டு' என்று வழங்கும் தகவல் பலகையை அவருக்காக வடிவமைத்தேன். அந்த முதல் பலகை ஒரு மனிதரின் வேலையைப் பறிக்க இருந்தது. எங்கே பிழை நேர்ந்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

நான் செய்தது இதுதான். தாளின் உச்சியில் அந்த வார விற்பனையைப் பெரிய எழுத்தில் போட்டேன். பக்கத்தில் முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டு ஓர் அம்புக்குறி வைத்தேன். கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அந்த மாதத்தின் முதல் வார விற்பனை 4,20,000 ரூபாய். இரண்டாம் வாரம் 3,60,000. மூன்றாம் வாரம் 3,20,000. நான்காம் வாரம் 3,00,000. ஆக, முதல் வாரத்துக்குப் பின் தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் அவர் கண்ணில் பட்டது சிவப்பு அம்பு. முறையே 14, 11, 6 விழுக்காடு சரிவு.

மூன்றாவது சிவப்பு அம்பைப் பார்த்த இரவு, பதினெட்டு ஆண்டுகளாகக் கடையில் பொட்டலம் கட்டி வரும் பெரியவரை அழைத்து, "அண்ணே, வியாபாரம் படுத்திருச்சு. அடுத்த மாசத்திலிருந்து வேற இடம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அதை என்னிடம் தொலைபேசியில் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. முந்தைய மாதத்தின் நான்கு வாரங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 4,15,000, 3,50,000, 3,15,000, 2,98,000. நான்கு வாரங்களிலும் விற்பனை முந்தைய மாதத்தைவிடச் சிறிதளவு கூடியே இருந்தது. சம்பளம் வாங்கியதும் மாதச் சாமான் வாங்குவார்கள், மாதக் கடைசியில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குவார்கள் என்பது எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த ஒன்று. என் மாணவருக்கும் தெரியும். ஆனால், அச்சிட்ட தாளில் பேராசிரியர் வைத்த சிவப்பு அம்பு, அவருடைய சொந்த அறிவை வாயடைக்கச் செய்துவிட்டது. பெரியவரிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அதன்பின் பலகையை முதலிலிருந்து வேறு விதமாக வடிவமைத்தோம்.

இம்முறை கணினி எதையெல்லாம் தருகிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் என்னென்ன என்று கேட்டேன். யோசித்து நான்கு சொன்னார். எந்த மொத்த வியாபாரிக்கு இந்த வாரம் பணம் கொடுப்பது. எந்தப் பொருளை வாங்குவது, எதை நிறுத்துவது. யாரிடம் கடன் பாக்கியைக் கேட்பது. எந்தப் பொருளின் விலையை மாற்றுவது. இந்த நான்கில் ஒன்றையேனும் மாற்றக்கூடிய எண் மட்டுமே தாளில் இடம்பெறும் என்று விதி வைத்தோம். ஒரு நாளில் எத்தனை ரசீது, ஒரு ரசீதின் சராசரி எவ்வளவு, எந்த மணியில் கூட்டம் அதிகம் என்பன போன்ற பல எண்கள் அந்த விதியில் விழுந்துபோயின. அவை பொய்யான எண்கள் அல்ல. அவற்றைப் பார்த்துவிட்டு அந்த வாரத்தில் அவர் வேறுவிதமாகச் செய்ய எதுவும் இல்லை, அவ்வளவே.

எஞ்சியவை மூன்று எண்களும் மூன்று சிறு பட்டியல்களும். முதல் எண் விற்பனை. இரண்டாவது மொத்த இலாப விகிதம். மூன்றாவது அடுத்த சனிக்கிழமை கையில் இருக்கப்போகும் பணம். பட்டியல்களுக்குப் பின்னர் வருகிறேன்.

விற்பனையைப் பொருத்தவரை, எதனோடு ஒப்பிடுவது என்பதே முழுக் கேள்வி. மாதத்தின் 5-ஆம் தேதி எந்த வாரத்தில் விழுகிறதோ அதை முதல் வாரம் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரத்தை முந்தைய மாதத்தின் முதல் வாரத்தோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் மட்டுமே ஒப்பிடுவது. ஐந்தாம் வாரம் வரும் மாதங்களில் அதை முந்தைய மாதத்தின் கடைசி வாரத்தோடு ஒப்பிடலாம். பண்டிகை வாரங்கள் தனி. தீபாவளி 2023-இல் நவம்பர் 12-ஆம் தேதியும், 2024-இல் அக்டோபர் 31-ஆம் தேதியும், 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதியும் வந்தது. அக்டோபர் மூன்றாம் வாரத்தைச் சென்ற ஆண்டின் அக்டோபர் மூன்றாம் வாரத்தோடு ஒப்பிடும் பலகை, ஓர் ஆண்டு வானளாவிய வளர்ச்சியையும் மற்றோர் ஆண்டு பெரும் வீழ்ச்சியையும் காட்டும். இரண்டும் பொய். தீபாவளிக்கு முந்தைய வாரத்தை, சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பனைத் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருந்தால் அதையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும். அது கடைக்காரரின் பணமன்று.

இரண்டாவது எண்ணுக்கு வருவோம். விற்ற பொருளின் கொள்முதல் விலை போக மிஞ்சுவது மொத்த இலாபம். அதை விற்பனையின் விழுக்காடாகச் சொன்னால் மொத்த இலாப விகிதம். இந்தக் கடையில் அது சராசரியாக 12. வாடகை, நான்கு பேரின் சம்பளம், மின்கட்டணம், இதர செலவு எல்லாம் சேர்த்து மாதம் 1,06,000 ரூபாய். வாரக் கணக்கில் ஏறத்தாழ 24,500. வாரம் 3,50,000 ரூபாய்க்கு விற்றால் மொத்த இலாபம் 42,000. செலவு போகக் கையில் நிற்பது 17,500. இப்போது விற்பனை அதே 3,50,000-ஆக இருந்து, விகிதம் 12-இலிருந்து 10-ஆகக் குறைந்தால் மொத்த இலாபம் 35,000 ஆகும். செலவு குறையாது. கையில் நிற்பது 10,500. விகிதத்தில் இரண்டு புள்ளி போனால் கடைக்காரரின் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. மளிகையில் பெரும்பாலோர் விற்பனையைத்தான் கவனிக்கிறார்கள். குடும்பத்தைக் காப்பாற்றும் எண் இது.

ஆனால், இந்த விகிதமும் வாரத்துக்கு வாரம் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் 12.1, அடுத்தது 11.6, அதற்கடுத்தது 12.4. ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் தேடினால் பத்து நிமிடம் போதாது. இல்லாத காரணங்களையும் கண்டுபிடித்துவிடுவோம். எது வெறும் ஆட்டம், எது உண்மையான மாற்றம் என்று பிரிக்க ஒரு வழி வேண்டும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொலைபேசிக் கருவிகளின் தரத்தைக் கண்காணிக்க வால்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபட முறை அதற்கு உதவியது. அதன் எளிய வடிவத்துக்குக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பத்து வார விகிதங்களை வரிசையாக எழுதிக்கொண்டோம். 12.1, 11.6, 12.4, 11.9, 12.3, 11.7, 12.0, 12.4, 11.8, 11.8. இவற்றின் சராசரி 12.0. அடுத்ததாக, ஒரு வாரத்துக்கும் அதற்கு அடுத்த வாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கூடியதா குறைந்ததா என்று பாராமல் எழுதினோம். 0.5, 0.8, 0.5, 0.4, 0.6, 0.3, 0.4, 0.6, 0. இந்த ஒன்பதின் சராசரி சற்றேறக்குறைய 0.46. இதை 2.66 என்ற மாறா எண்ணால் பெருக்கினால் 1.2. சராசரியிலிருந்து மேலே 1.2, கீழே 1.2 எனக் கோடு போட்டால் 10.8-க்கும் 13.2-க்கும் இடைப்பட்ட பட்டை கிடைக்கிறது. இந்தக் கடையின் இயல்பான ஆட்டம் அந்தப் பட்டைக்குள் அடங்கும். ஒரு வாரம் 11.3 என்று வந்தால் அவர் அதைக் கடந்து போகலாம். 10.8-க்குக் கீழே போனால் மட்டும் நின்று பார்க்க வேண்டும். சிவப்பு அம்பை எடுத்துவிட்டு இந்தப் பட்டையைத் தாளில் வரைந்தோம்; அந்த வாரத்தின் விகிதம் அதன்மேல் ஒரு புள்ளி. வண்ணம் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது எண்ணான பணம், இலாபத்திலிருந்து வேறுபட்டது. இலாபம் காட்டும் கடையும் பணமில்லாமல் திணறலாம். விற்ற சரக்கின் விலை கடன் நோட்டில் கிடக்கும்போது அதுவே நடக்கிறது. அதனால் இன்று பெட்டியிலும் வங்கியிலும் உள்ள தொகையோடு, வரும் வாரத்தில் வழக்கமாக ரொக்கமாகவும் யுபிஐ வழியாகவும் வரும் வசூலைக் கூட்டி, அந்த வாரத்துக்குள் கொடுத்தே ஆக வேண்டிய தொகைகளைக் கழிக்கிறோம். வருவது அடுத்த சனிக்கிழமை இரவின் கையிருப்பு. இது கூட்டல் குறியில் இருந்தால் அடுத்த வரிக்குப் போகலாம்.

பட்டியல்கள் மூன்றும் ஒவ்வொன்றும் ஐந்தே வரிகள். முப்பது நாளுக்கு மேல் பாக்கி வைத்துள்ள முதல் ஐந்து பேர். நாற்பத்தைந்து நாளாக விற்காமல், அதிகப் பணத்தை முடக்கி வைத்துள்ள முதல் ஐந்து பொருள்கள். கேட்டு வந்தவர்களுக்கு 'இல்லை' என்று சொன்ன முதல் ஐந்து பொருள்கள். முதல் இரண்டும் கணினியிலிருந்து கிடைக்கும். மூன்றாவது கிடைக்காது. விற்றதை மட்டுமே கணினி அறியும். விற்காமல் போனது அதற்குத் தெரியாது. அதனால் கல்லாப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டோம். 'இல்லை' என்று சொல்லும்போதெல்லாம் பொருளின் பெயருக்கு நேரே ஒரு கோடு. இந்த நோட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர், வேலையை இழக்க இருந்த அந்தப் பெரியவர்தான்.

பலகை எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதை ஒரு வாரத்தை வைத்துச் சொல்வது தெளிவாக இருக்கும். புதிய தாள் பழக்கத்துக்கு வந்த சில மாதங்களில், ஒரு மாதத்தின் இரண்டாம் வாரம். விற்பனை 3,50,000. முந்தைய மாதத்தின் இரண்டாம் வாரத்தைவிடச் சிறிதே குறைவு. விற்பனையை மட்டும் பார்த்திருந்தால் அவர் அத்தோடு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். இரண்டாவது எண்ணில் புள்ளி பட்டைக்குக் கீழே விழுந்திருந்தது. விகிதம் 10.0.

விகிதம் விழுந்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். கொள்முதல் விலை ஏறியும் விற்பனை விலையை மாற்றாமல் விட்டிருக்கலாம். அல்லது, இலாபம் குறைந்த பொருள்கள் அதிகமாகவும் இலாபம் மிகுந்தவை குறைவாகவும் விற்றிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய, விகிதத்துக்குக் கீழே இரண்டு வரிகள் வைத்திருந்தோம். அரிசி, எண்ணெய், சர்க்கரை, பருப்பு ஒரு வரி. இவற்றில் இலாபம் 6 விழுக்காடு. மசாலாப் பொடி, சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்ற பொட்டலப் பொருள்கள் மற்றொரு வரி. இவற்றில் 16 விழுக்காடு. அந்த வாரத்திலும் 6 என்பது 6-ஆகவும், 16 என்பது 16-ஆகவும் இருந்தன. ஆகவே, விலைப் பிழை இல்லை. ஆனால், வழக்கமாக 1,40,000 விற்கும் முதல் வகை 2,10,000 விற்றிருந்தது. 2,10,000 விற்கும் இரண்டாம் வகை 1,40,000-ஆகக் குறைந்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு 8,400-ம் 33,600-ம் சேர்ந்து 42,000. இப்போது 12,600-ம் 22,400-ம் சேர்ந்து 35,000.

முதல் வகை கூடியதன் காரணம் அவருக்கே தெரியும். ஊர்க் கோயில் கொடைக்கு அன்னதானத்துக்காக அரிசியும் எண்ணெயும் மொத்தமாக வாங்கியிருந்தார்கள். அந்த ஒரு வியாபாரம், பொட்டலப் பொருள்களின் 70,000 ரூபாய்ச் சரிவைச் சரியாக மூடி மறைத்துவிட்டது. அந்தச் சரிவுக்கு விடை மூன்றாவது பட்டியலில் இருந்தது. சலவைத் தூள் 23 கோடு, சாம்பார்ப் பொடி 19, பற்பசை 14. அலமாரியில் சரக்கே இல்லை.

சரக்கு ஏன் இல்லை? விநியோகஸ்தர் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை? பழைய பாக்கி 1,20,000 நின்றிருந்தது. மூன்றாவது எண் அதைத்தான் சொன்னது. கையிலும் வங்கியிலும் 1,35,000. வரவிருக்கும் வசூல் 3,20,000. கொடுக்க வேண்டியது, பழைய பாக்கியும் சேர்த்து, 4,70,000. அடுத்த சனிக்கிழமை 15,000 ரூபாய் குறைவு. அந்தப் பள்ளத்தை நிரப்ப, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் கடன் வாங்க அவர் ஏற்கெனவே ஒருவரிடம் பேசியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாதம் 3,000 ரூபாய் வட்டி.

வாங்க வேண்டிய பணம் அவருடைய கடன் நோட்டிலேயே கிடந்தது. மொத்தப் பாக்கி 2,60,000. அதில் முப்பது நாளைக் கடந்தது 1,45,000. அதிலும் பட்டியலில் இருந்த ஐந்து பேரிடம் மட்டும் 92,000. ஐவருமே வசதியானவர்கள். கேட்கக் கூச்சப்பட்டு அவர் விட்டிருந்தார். நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட நோட்டைப் புரட்டும்போது 'எல்லாரிடமும் எப்படிக் கேட்பது' என்ற மலைப்பு வரும். ஐந்து பெயர்கள் என்றால் ஐந்து தொலைபேசி அழைப்புகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தார். அந்த வாரத்திலேயே 64,000 வந்தது. விநியோகஸ்தரின் பழைய பாக்கி தீர்ந்தது, சரக்கு இறங்கியது, வட்டிக் கடன் வாங்கவில்லை. மூன்றாம் வாரம் விகிதம் 11.7-க்குத் திரும்பியது.

இந்தத் தாளைப் படிக்கும் பத்து நிமிடம் எவ்வாறு செலவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனைக்கு ஒரு நிமிடம், விகிதத்துக்கு இரண்டு, பணத்துக்கு இரண்டு, பட்டியல்களுக்கு மூன்று. கடைசி இரண்டு நிமிடம் எழுதுவதற்கு. தாளின் அடியில் மூன்று வெற்றுக் கோடுகள் உண்டு. இந்த வாரம் செய்யப்போவது என்று அவர் கைப்பட எழுத வேண்டும். அடுத்த வாரத் தாளின் உச்சியில், விற்பனைக்கும் மேலே, அந்த மூன்று வரிகளும் அச்சாகி வரும். செய்தாரா இல்லையா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் எண்களுக்குப் போவார். கைப்பேசியில் வேண்டாம், காகிதத்தில் வேண்டும் என்பதும் அவருடைய ஏற்பாடு. கைப்பேசியை எடுத்தால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் வேறெங்கோ போய்விடுகிறது என்றார். தொகைகளை ஆயிரத்துக்கு முழுமையாக்கி எழுதுகிறோம். 3,49,872 என்று படிப்பதற்கும் 3,50,000 என்று படிப்பதற்கும் அவருடைய முடிவில் வேறுபாடு இல்லை, கண்ணுக்கு உண்டு.

இவ்வளவும் அடியில் உள்ள கணக்கு சரியாக இருந்தால்தான். கடைகளில் வழக்கமாக நேரும் பிழை, சரக்கு இறங்கிய அன்றே கொள்முதல் ரசீதைக் கணினியில் ஏற்றாமல் விடுவது. அப்போது கணினி பழைய விலையை வைத்து இலாபத்தைக் கணக்கிடும். விலை ஏறிய வாரத்தில் விகிதம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ரசீதை ஏற்றிய வாரத்தில் திடீரென விழும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. ஏற்றாத சரக்கை விற்றால் அந்தப் பொருளின் இருப்பு கழித்தல் குறிக்குப் போய்விடும். எத்தனை பொருள்களின் இருப்பு கழித்தல் குறியில் உள்ளது என்பதைத் தாளின் மூலையில் சிறிய எழுத்தில் போடுகிறோம். இருபதைத் தாண்டினால் அந்த வாரம் விகிதத்தை அவர் படிப்பதில்லை. முதலில் ரசீதுகளை ஏற்றச் சொல்கிறார். அதன் பக்கத்தில் இன்னோர் எண்ணும் உண்டு: பெட்டியில் இருக்க வேண்டிய ரொக்கத்துக்கும் எண்ணிப் பார்த்த ரொக்கத்துக்கும் உள்ள வேறுபாடு.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. பட்டையைக் கணக்கிடப் பண்டிகை வாரங்களைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பட்டை அகன்று எதையும் பிடிக்காத வலையாகிவிடும். கடையின் தன்மை நிலையாக மாறினால், எடுத்துக்காட்டாகக் காய்கறி விற்கத் தொடங்கினால், பழைய பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பத்து வாரம் எண்ண வேண்டும். சரக்கு கெட்டுப்போவதும் களவு போவதும் இந்தத் தாளில் தெரியாது. அதற்கு மாதம் ஒருமுறை அலமாரிகளை எண்ணியே ஆக வேண்டும். எதிர்த் தெருவில் புதுக் கடை வந்தால் வாடிக்கையாளர் நகர்வதையும் தாமதமாகத்தான் காட்டும். இரண்டாவது கடை திறக்கலாமா என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. அதற்கு வேறு கணக்கு, வேறு நாள் வேண்டும்.

இன்னோர் ஆபத்தையும் கண்டோம். 'இல்லை' நோட்டில் கோடு குறைந்தால் பணியாளர்களுக்கு ஊக்கத்தொகை தரலாம் என்று அவர் ஒருமுறை யோசித்தார். வேண்டாம் என்றேன். தந்தால் அடுத்த வாரமே கோடுகள் குறைந்துவிடும். சரக்கு வந்ததால் அல்ல, பென்சில் ஓய்ந்ததால். அளவுகோலை இலக்காக்கிவிட்டால் அது அளக்கும் தகுதியை இழக்கும் என்பதைப் பொருளியலர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணவியல் கொள்கை பற்றிச் சுட்டிக்காட்டினார். மளிகைக் கடையின் பென்சிலுக்கும் அது பொருந்தும்.

தம் கடைக்கு இப்படி ஒன்றைச் செய்ய விரும்புவோர் கணினி நிரலிலிருந்து தொடங்க வேண்டாம். இந்த வாரம் நான் எடுத்த முடிவுகள் யாவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த எண் தெரிந்திருந்தால் வேறுவிதமாக முடிவெடுத்திருப்பேன் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த எண்களைப் பத்து வாரம் கையால் சேகரியுங்கள். அதன்பின் பட்டை போடுங்கள். பல வாரங்களில் பலகை 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்றே சொல்லும். அந்த விடையையும் நம்பப் பழகியிருந்தால், அந்த மூன்றாவது சனிக்கிழமை இரவு என் மாணவர் பெரியவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

பெரியவர் இப்போதும் அதே கடையில் பொட்டலம் கட்டுகிறார். சென்ற முறை நான் போயிருந்தபோது நோட்டை எடுத்துக் காட்டினார். "ஐயா, இந்த வாரம் கேழ்வரகு மாவு பதினோரு பேர் கேட்டாங்க. நம்ம கடையில அது வச்சதே இல்ல" என்றார். அந்தச் சனிக்கிழமைத் தாளின் மூன்று கோடுகளில் ஒன்று கேழ்வரகு மாவுக்குப் போனது.